சப்ளையர் ஸ்டேட்மென்ட்டும் நம் லெட்ஜரும்: வழியில் இருக்கும் பில், செக், கிரெடிட் நோட்

கேள்வி: காரைக்குடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. சப்ளையர் அனுப்பும் ஸ்டேட்மென்ட்டில் உள்ள பாக்கியும் எங்கள் லெட்ஜர் பாக்கியும் ஒரு மாதம்கூட ஒத்துப்போவதில்லை. பில் வழியில் இருக்கு, செக் வழியில் இருக்கு என்கிறார்கள். எதற்கு என்ட்ரி போடுவது, எதை அப்படியே விடுவது? முதலாளி "வித்தியாசத்துக்கு ஒரு ஜர்னல் போட்டு நேர் பண்ணிடு" என்கிறார்.

பதில்:

அந்த ஜர்னலை மட்டும் போட்டுவிடாதீர்கள். வழியில் இருக்கிற பில்லுக்காக இன்று சப்ளையர் பெயரில் ஒரு தொகையை வரவு வைத்தால், நாலு நாள் கழித்து சரக்கு வந்ததும் அதே பில்லை கொள்முதலாக மறுபடி எழுதுவீர்கள். ஒரே பில் இரண்டு தடவை ஏறிவிடும். அடுத்த மாத வித்தியாசம் இந்த மாதத்தைவிடப் பெரிதாக இருக்கும், அதன் காரணம் யாருக்கும் நினைவிருக்காது. ஸ்டேட்மென்ட்டுக்கும் லெட்ஜருக்கும் உள்ள வித்தியாசத்தில் எப்போதும் இரண்டு ஜாதி கலந்திருக்கும். ஒன்று, இரண்டு பேருமே சரியாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் வேறு வேறு நாளில் எழுதியிருக்கிறார்கள். மற்றொன்று, யாரோ ஒருவர் தப்பாக எழுதியிருக்கிறார் அல்லது எழுதவே இல்லை. முதலாவதுக்கு என்ட்ரி கிடையாது, ஒரு தாளில் குறித்து வைத்தால் போதும். இரண்டாவதுக்குத்தான் திருத்தம். தப்பு ஒன்று "வழியில் இருக்கு" என்ற பெயரில் ஒளிந்துகொள்வதுதான் இந்த வேலையில் உள்ள முழுச் சிரமமும்.

ஒரு கணக்கை எடுத்துப் பார்த்தால் விளங்கும். காரைக்குடியிலேயே நான் மாதா மாதம் பார்த்துக்கொடுக்கும் ஒரு கடை, கோயம்புத்தூரிலிருந்து பைப்பும் ஃபிட்டிங்கும் வாங்குகிறார்கள். செப்டம்பர் 30 தேதிக்கு சப்ளையர் ஸ்டேட்மென்ட் ரூ.6,84,350 பாக்கி என்றது. நம் லெட்ஜர் ரூ.4,52,970 என்றது. வித்தியாசம் ரூ.2,31,380. முதலாளி பார்த்த உடனே "இவ்வளவா?" என்றுதான் கேட்டார்.

தொகைகளைத் தேட ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம் பார்த்தேன். வந்திருப்பது முழு லெட்ஜரா, நிலுவையில் உள்ள பில்களின் பட்டியலா என்பது முதலாவது. நிலுவைப் பட்டியலில் எந்த பில்லுக்கும் எதிராக வைக்காமல் பொதுவாக வரவு வைத்த பணம் சில சமயம் வராது. அதனால் எப்போதும் தேதிவாரியான முழு லெட்ஜரைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, ஆரம்ப இருப்பு. போன மாதம் நாம் ஒத்துப்பார்த்து முடித்த பாக்கியிலிருந்துதான் அவர்களும் தொடங்கியிருக்கிறார்களா? அங்கேயே வேறுபட்டால் செப்டம்பரை எத்தனை முறை டிக் அடித்தாலும் பயனில்லை, பின்னோக்கிப் போய்க் கடைசியாக ஒத்துப்போன நாளைக் கண்டுபிடித்து அங்கிருந்து வரவேண்டும். இந்தக் கடையில் ஜூலை கடைசியோடு நேராக இருந்தது, ஆகஸ்ட்டை யாரும் பார்க்கவில்லை. அதனால் இரண்டு மாத லெட்ஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பில் நம்பரை வைத்து டிக் அடித்தேன். தொகையை வைத்து டிக் அடிக்காதீர்கள். ஒரே அளவு லோடு திரும்பத் திரும்ப வரும் கடையில் ஒரே தொகைக்கு இரண்டு பில் இருப்பது சகஜம். டேலியில் கொள்முதல் போடும்போது `Supplier Invoice No.` என்ற இடத்தில் சப்ளையரின் பில் நம்பரை ஒரு எழுத்துகூட மாறாமல் போட்டிருந்தால் இந்த வேலை அரை மணி நேரத்தில் முடியும். அதைக் காலியாக விட்டிருந்தால் அரை நாள்.

டிக் விழாமல் நின்றவற்றில் பெரியது செப்டம்பர் 29 தேதியிட்ட பில், ரூ.1,00,000 சரக்கும் 18 சதவீத வரியும் சேர்த்து ரூ.1,18,000. அவர்கள் பில் போட்ட அன்றே நம் பெயரில் பற்று எழுதிவிட்டார்கள். சரக்கு ஆயுத பூஜை விடுமுறையில் பார்சல் ஆபீஸிலேயே கிடந்து, அக்டோபர் 3 அன்றுதான் கடைக்கு வந்தது. நம் கடை சரக்கு இறங்கி எண்ணிப் பார்த்த பிறகே கொள்முதல் எழுதும். இது உண்மையாகவே வழியில் இருந்த பில் என்பதற்கு என்ன சாட்சி? பில் தேதி 30-க்கு முன், லாரி ஆபீஸ் தரும் ரசீதான எல்.ஆர். தேதியும் முன், சரக்கு இறங்கிய கையெழுத்து 30-க்குப் பின். இந்த மூன்று தேதியும் இருந்தால்தான் "வழியில்" என்று எழுதுவேன். சப்ளையர் ஆபீஸிலிருந்து போனில் சொன்னார்கள் என்பது சாட்சி ஆகாது.

இங்கே ஜிஎஸ்டி பக்கம் ஒரு குழப்பம் வரும். அந்த பில் அக்டோபர் 14 வாக்கில் வரும் செப்டம்பர் மாத `GSTR-2B`-யில் நமக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு "2B-யிலேயே வந்துடுச்சே, செப்டம்பர் கொள்முதலாகவே போட்டுடலாம்" என்று சிலர் பின்தேதியில் எழுதுகிறார்கள். சப்ளையர் பில் போட்டதாகக் கணக்குக் கொடுத்திருக்கிறார் என்பதைத்தான் 2B காட்டும். சரக்கு வந்ததா என்பது அதற்குத் தெரியாது. உள்ளீட்டு வரியை எடுக்க சரக்கு கையில் கிடைத்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 16-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. சரக்கு அக்டோபரில் வந்தது, அதனால் வரியும் அக்டோபரில்.

அடுத்தது செக், ரூ.75,000. செப்டம்பர் 28 அன்று லைனுக்கு வந்த சேல்ஸ்மேன் கையில் கொடுத்தது, செக் புத்தகத்தின் அடிக்கட்டையில் அவருடைய கையெழுத்தும் தேதியும் இருந்தது. நாம் அன்றே பற்று எழுதிவிட்டோம். அவர் தேவகோட்டை, சிவகங்கை என்று லைன் முடித்துக் கோயம்புத்தூர் போய்க் கொடுத்து, அவர்கள் அக்டோபர் 4 அன்று வரவு வைத்தார்கள். நம் பேங்க் பாஸ்புக்கிலும் அந்த வாரம்தான் கழிந்தது. இதுவும் நாள் வித்தியாசம்தான், என்ட்ரி வேண்டாம்.

பணம் எத்தனை நாள் வழியில் இருக்கலாம் என்பது அனுப்பிய விதத்தைப் பொறுத்தது. சேல்ஸ்மேன் கையில் கொடுத்த செக் ஒரு வாரம், பத்து நாள் வழியில் இருக்கலாம். நெஃப்ட்டில் போட்ட பணம் அப்படி இருக்க முடியாது. அது அரை மணிக்கு ஒரு தொகுப்பாக, ராத்திரி பகல் என்று இல்லாமல் போய்ச் சேர்கிறது. 25-ஆம் தேதி அனுப்பிய நெஃப்ட் 30-ஆம் தேதி ஸ்டேட்மென்ட்டில் இல்லையென்றால், வழியில் என்று எழுதாதீர்கள். பணம் அவர்கள் பேங்க்கில் இருக்கும், யார் பணம் என்று தெரியாமல் ஒரு சஸ்பென்ஸ் கணக்கில் வைத்திருப்பார்கள், அல்லது நம்மைப் போலப் பெயருள்ள வேறு கடைக்கு வரவு வைத்திருப்பார்கள். நம் ஊரில் பாதிக் கடைக்கு ஒரே சாமி பெயர்தான், இது நடக்காத மாதம் குறைவு. அந்தப் பணப் பரிமாற்றத்துக்கு பேங்க் தரும் யுடிஆர் எண்ணை எழுதி அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். திருத்தம் அவர்கள் கணக்கில், நம் கணக்கில் இல்லை. செக் விஷயத்திலும் ஒரு எல்லை உண்டு. தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செக்குக்கு உயிர். ஒரு மாதம் தாண்டியும் கழியாத செக்கை வழியில் என்று தள்ளிக்கொண்டே போகாமல், தொலைந்துவிட்டதா, திரும்பிவிட்டதா என்று விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, சரக்குத் திருப்பி அனுப்பியது. செப்டம்பர் 24 அன்று விரிசல் விட்ட பைப்களை அதே லாரியில் திருப்பி அனுப்பி ரூ.11,800-க்கு நாம் டெபிட் நோட் போட்டிருந்தோம். அவர்கள் சரக்கை இறக்கி, குவாலிட்டி ஆள் பார்த்து, அக்டோபர் 9 அன்று கிரெடிட் நோட் போட்டார்கள். 30-ஆம் தேதிக்கு இது நாள் வித்தியாசம். ஆனால் நான் பார்த்த தப்புகளிலேயே அதிகம் பிறப்பது இந்த இடத்தில்தான், அதனால் இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நம் டெபிட் நோட்டுக்கு நம் நம்பர். அவர்கள் கிரெடிட் நோட்டுக்கு அவர்கள் நம்பர். இரண்டும் ஒரே சரக்குத் திருப்பத்துக்கான இரண்டு தாள். அக்டோபர் 9 தேதியிட்ட கிரெடிட் நோட் மெயிலில் வந்ததும், புதிதாக ஒரு தாள் வந்திருக்கிறதே என்று கணக்கு எழுதுபவர் அதையும் போட்டுவிடுவார். சப்ளையர் பாக்கி ரூ.11,800 இரண்டாம் முறையாகக் குறையும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேவகோட்டையில் ஒரு பெயின்ட் கடையில் இதையே செய்தேன். நாலு மாதம் அப்படியே ஓடி, ஏறக்குறைய நாற்பதாயிரம் ரூபாய் குறைவாகப் பணம் அனுப்பிவிட்டோம். தீபாவளிக்கு முந்தின வாரம், கடையில் வெள்ளையடிக்கிற கூட்டம் நிற்கும்போது, பாக்கி தீர்த்தால்தான் சரக்கு என்று சப்ளையர் லோடை நிறுத்தினார். அந்த வாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட வழக்கம் இது. டெபிட் நோட் போடும்போது எந்த பில்லின் சரக்கு திரும்பப் போகிறதோ அந்த பில் நம்பரை விவரத்தில் எழுதுவேன், டேலியில் `Agst Ref` கொடுத்து அந்த பில்லோடு கட்டுவேன். கிரெடிட் நோட் வரும்போது அதிலும் மூல பில் நம்பர் இருக்கும். அந்த பில்லுக்கு எதிராக ஏற்கெனவே நம் டெபிட் நோட் இருந்தால், புதிய என்ட்ரி கிடையாது. டெபிட் நோட்டின் விவரத்தில் அவர்கள் கிரெடிட் நோட் நம்பரையும் தேதியையும் சேர்த்துவிட்டு, தாளை அதனுடனேயே பின் அடித்து வைப்பேன். தொகை குறைந்தால் மட்டும், குறைந்த அளவுக்குப் பேசுவேன். நாம் 20 பைப் உடைந்தது என்று எழுதியிருப்போம், அவர்கள் 17-க்குத்தான் போட்டிருப்பார்கள். அந்த மூன்று பைப் வழியில் இல்லை, தகராறில் இருக்கிறது. தாளில் அதைத் தனியாக எழுத வேண்டும். வரியைப் பொறுத்தவரை மதிப்பைக் குறைக்கும் தாள் சப்ளையர் போடும் கிரெடிட் நோட்தான், நம் டெபிட் நோட் நம் கணக்குக்கு மட்டும். அதையும் நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் அவர் கணக்குக் காட்டியாக வேண்டும். அதனால் சரக்குத் திருப்பத்தை "எப்போதாவது வரும்" என்று விட்டுவைக்கக் கூடாது. இரட்டைப் பதிவு விழுந்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்றால், போன மாதம் சப்ளையர் பாக்கி நம்மைவிட அதிகமாக நின்ற அதே தொகை, கிரெடிட் நோட் வந்த பிறகும் தீராமல் அப்படியே நிற்கும். அவர்களும் குறைத்துவிட்டார்கள், நாம் இன்னொரு முறை குறைத்துவிட்டோம், அதனால் இடைவெளி மாறாது. "இன்னும் வரவில்லை போல" என்று தோன்றும். ஸ்டேட்மென்ட்டில் கிரெடிட் நோட் இருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

நாலாவது எதிர்த் திசையில் நின்றது. ஒரு பில்லில் பழைய விலை போட்டுவிட்டோம் என்று செப்டம்பர் 30 அன்று அவர்களே ரூ.9,440-க்கு விலை வித்தியாசக் கிரெடிட் நோட் போட்டிருந்தார்கள். நமக்கு அது அக்டோபர் 6 அன்றுதான் வந்தது. மேலே சொன்னதற்கு நேர் மாறாக, இதற்கு நம் பக்கம் எந்த டெபிட் நோட்டும் இல்லை, அதனால் வந்ததும் புதிதாக எழுத வேண்டும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரித் தாள்தான். மூல பில் நம்பரை வைத்துத் தேடினால்தான் ஒன்று புதியது, ஒன்று பழையது என்று தெரியும்.

சரி, இப்போது கூட்டிப் பார்ப்போம். ஸ்டேட்மென்ட் பாக்கி ரூ.6,84,350. வழியில் இருந்த பில் 1,18,000, செக் 75,000, திருப்பிய சரக்கு 11,800 மூன்றையும் கழித்து, நமக்கு வந்து சேராத கிரெடிட் நோட் 9,440-ஐக் கூட்டினால் ரூ.4,88,990 வருகிறது. லெட்ஜரில் இருப்பது ரூ.4,52,970. இன்னும் ரூ.36,020 இடிக்கிறது.

"அதுவும் ஏதாவது வழியில இருக்கும், விடுங்க" என்றார் முதலாளி. இந்த இடத்தில் விட்டுவிடக் கூடாது. வழியில் இருப்பது என்றால் அதற்கு ஒரு தாள், ஒரு நம்பர், ஒரு தேதி இருக்கும். இவை இல்லாத தொகை வழியில் இல்லை. இலக்கம் மாறிப்போயிருக்கிறதா என்று ஒன்பதால் வகுத்துப் பார்க்கும் பழைய வழியையும் செய்து பார்த்தேன். 36,020 ஒன்பதால் மீதியின்றி வகுபடவில்லை. ஆனால் அந்த வழி ஒரே ஒரு தப்பு தனியாக இருக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும், இரண்டு தப்பு கலந்திருந்தால் ஒன்றும் சொல்லாது. ஆகவே டிக் விழுந்த வரிகளையே மறுபடி எடுத்து, இந்த முறை நம்பரோடு தொகையையும் ஒப்பிட்டேன். ஒரு பில் அவர்களிடம் ரூ.54,280, நம்மிடம் ரூ.52,480. நாலும் இரண்டும் இடம் மாறியிருந்தது. ரூ.1,800 கிடைத்தது, இது ஒன்பதால் வகுபடும். மீதி ரூ.34,220.

அது ஆகஸ்ட் 12 தேதியிட்ட ஒரு பில்லின் தொகையே. ஸ்டேட்மென்ட்டில் இருந்தது, நம்மிடம் இல்லை. இதைத்தான் முதலாளி வழியில் என்று சொல்லப் பார்த்தார். கோயம்புத்தூரிலிருந்து காரைக்குடிக்கு ஏழு வாரம் எந்த லாரியும் ஓடாது. சரக்கே வரவில்லை, அவர்கள் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று கடையில் எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள். ஆகஸ்ட் மாத 2B-யைத் திறந்தேன், பில் அதில் இருந்தது. அப்படியென்றால் அவர்கள் அரசாங்கத்துக்கே கணக்குக் கொடுத்த பில். எல்.ஆர். நகல் கேட்டு வாங்கினேன். இறக்கிய இடம் கானாடுகாத்தான். ஒரு பழைய வீட்டை விடுதியாக மாற்றும் வேலைக்கு, கடைக்குக் கொண்டுவந்து திரும்ப ஏற்றும் கூலி மிச்சம் என்று, கடைச் சிப்பந்தி ஒருவர் நேராக வேலை நடக்கும் இடத்துக்கே இறக்கச் சொல்லியிருக்கிறார். வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் அங்கிருந்த மேஸ்திரி. தாளின் மேல் சுண்ணாம்புக் கை ரேகைகூட இருந்தது. பில் அங்கேயே தங்கிவிட்டது. சரக்கு கடைக்குள் நுழையாததால் கொள்முதலும் எழுதவில்லை, அதைவிட முக்கியமாக, விடுதிக்காரருக்கு விற்பனை பில்லும் போடவில்லை. சப்ளையர் கணக்கைத் துருவப் போய் நமக்கு வரவேண்டிய பணம் கிடைத்தது. நாம் சொன்ன இடத்தில் இறக்கினால் சரக்கு நமக்குக் கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், அதனால் வரி எடுப்பதிலும் சிக்கல் இல்லை.

என்ட்ரி போட்டது இந்த இரண்டுக்கு மட்டும்தான். 1,800-க்குத் திருத்தம், 34,220-க்குக் கொள்முதல். லெட்ஜர் ரூ.4,88,990 ஆனது. மற்ற நாலும் தாளில் மட்டும் இருந்தன. தாளில் ஒவ்வொன்றுக்கும் நம்பர், தேதி, தொகை, சாட்சி, அப்புறம் கடைசியில் ஒரு காலிக் கட்டம். அக்டோபர் ஸ்டேட்மென்ட் வந்ததும் அந்தக் கட்டத்தை நிரப்பினேன்: பில் 3-ஆம் தேதி நம் லெட்ஜரில் ஏறியது, செக் 4-ஆம் தேதி அவர்களிடம், விலை வித்தியாசக் கிரெடிட் நோட் 6-ஆம் தேதி நம்மிடம், சரக்குத் திருப்பம் 9-ஆம் தேதி அவர்களிடம். நாலு கட்டமும் நிரம்பியபோதுதான் செப்டம்பர் கணக்கு முடிந்தது. அடுத்த மாதமும் ஒரு கட்டம் காலியாக இருந்தால், அந்த வரியின் மேல் சந்தேகம் வர வேண்டும். தாளின் ஒரு நகலைச் சப்ளையருக்கும் அனுப்பிவிடுங்கள், அவர்கள் பக்கம் திருத்த வேண்டியவை அப்போதுதான் நகரும். பணம் அனுப்பும்போதும் ஸ்டேட்மென்ட் தொகையை அப்படியே போடாமல், தாளில் நேர்செய்த பாக்கியில் தவணை வந்த பில்களுக்கு மட்டும் போடுங்கள்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மார்ச் 31 மட்டும் வேறு மாதிரி, அதில் உங்கள் கடையின் கொள்முதல் நிபந்தனையைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆண்டுக் கணக்கில் கேள்வி சரக்கு எங்கே இருக்கிறது என்பதல்ல, யாருடையது என்பது. கம்பெனி கிடங்கிலேயே சரக்கை ஒப்படைப்பது என்று பேச்சு, லாரி வாடகையும் வழியில் உடைந்தால் நஷ்டமும் நம்முடையது என்றால், பொதுவாக லாரியில் ஏற்றி ஒப்படைத்தபோதே சரக்கு நம்முடையதாகிவிடுகிறது. அப்போது மார்ச் 30 பில்லை மார்ச்சிலேயே எழுத வேண்டும்: சப்ளையருக்கு 1,18,000 வரவு, "வழியில் உள்ள சரக்கு" என்ற தனிக் கணக்கில் 1,00,000 பற்று, இன்னும் எடுக்க முடியாத வரிக்கு ஒரு தனி லெட்ஜரில் 18,000 பற்று. அந்தச் சரக்கு இறுதி இருப்பிலும் சேரும். கடை வாசலில் இறக்கித் தருவது வரை அவர்கள் பொறுப்பு என்றால் மார்ச்சில் ஒன்றும் எழுத வேண்டாம், ஏப்ரலில் வழக்கம்போல் எழுதலாம். எது உங்கள் நிபந்தனை என்பது ஆர்டர் தாளில் அல்லது பில்லின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டிலும் இல்லாமல் வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தால், மார்ச் பிறப்பதற்குள் ஆடிட்டரிடம் காட்டி, சப்ளையரிடமிருந்து ஒரு வரி எழுத்தில் வாங்கிவிடுங்கள்.